மைனஸ் ஏழில் கிடந்த பதில்

மூன்று வருடமாக நான் ஓர் இணைய மன்றத்தில் புடவைப் பிரிவுக்கு மாடரேட்டர். சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது, திட்டு மட்டும் தாராளம். யார் சொல்லி இதில் விழுந்தாய் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கேட்பார். யாரும் சொல்லவில்லை. வேலியில் போன ஓணானை நானேதான் எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

அந்த மன்றத்தில் ஆயிரக்கணக்கான பிரிவுகள் உண்டு. கிரிக்கெட்டுக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று, பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. எங்களுடையது புடவைக்கு. யார் வேண்டுமானாலும் படம் போட்டுக் கேள்வி கேட்கலாம், யார் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். எழுதியது எதுவானாலும் பக்கத்தில் இரண்டு அம்பு இருக்கும். பிடித்தால் மேல் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ் அம்பு. மேலே போட்டதிலிருந்து கீழே போட்டதைக் கழித்தால் வருவது அந்தப் பதிலின் எண். நல்ல எண் வாங்கிய பதில் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண் மைனஸில் இறங்கி ஐந்தையும் தாண்டிவிட்டால் பதில் மடிந்துவிடும், அதாவது எழுத்து மறைந்து ஒரு கோடு மட்டும் நிற்கும். அதைத் தொட்டுப் பிரித்துப் பார்க்கிற பொறுமை நூறில் இரண்டு பேருக்கு இருந்தால் அதிகம்.

இப்படி ஒருவருக்குக் காலகாலமாக விழுந்த அம்புகள் ஏறக்குறையக் கூடிச் சேர்வதுதான் கர்மா. எனக்குப் பதினோராயிரத்துச் சொச்சம் இருக்கிறது. அதை வைத்து ஒரு வாழைப்பழம் வாங்க முடியாது. கர்மா நிறைய இருந்தால் ஓட்டுக்குக் கனம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் கிடையாது. நேற்று வந்தவர் ஓட்டும் ஒன்றுதான், என் ஓட்டும் ஒன்றுதான். ஆனால் ஜனங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எண் பெரியதாக இருந்தால் பதிலைப் படிப்பதற்கு முன்பே விரல் மேல் அம்புக்குப் போய்விடுகிறது. இதை எத்தனை முறை பார்த்தாயிற்று. அலுத்துப்போய்விட்டது.

செவிலிமேடு பக்கம் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. வீடு பிள்ளையார்பாளையத்தில். நான் பிறந்தது தாமல், நெல்லும் ஏரியும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த பிறகுதான் தறிச் சத்தம் பழகினேன். எனக்கு நெய்யத் தெரியாது. என் வீட்டுக்காரரின் தங்கைக்குத் தெரியும், அதுவும் சாதாரணமாக இல்லை. அடுத்த தெருவில் இருக்கிறாள். இருபது வருடமாகக் கடைக்காரர் ஒருவருக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தவள், போன வருடம் தைரியமாகச் சொந்தப் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற இழை, வாங்கி ஒரு கல்யாணப் புடவை நெய்தாள். கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை, அரக்கு முந்தி. கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், தறியிலேயே பார்த்த தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மகள் முகூர்த்தத்துக்கு என்று அதை வாங்கிக்கொண்டு போனது. பெண்ணின் அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. சம்பந்தி வீட்டுக்கும் இரண்டு வேண்டும், முகூர்த்தம் முடியட்டும், சொல்கிறேன் என்றிருந்தார். நாத்தனார் அதை நம்பி அடுத்த பாவையும் தறியில் ஏற்றிவிட்டாள்.

“அண்ணி, இனிமே அந்தக் கடைப்படி ஏற மாட்டேன். என் புடவ என் பேர்லயே போவட்டும்” என்று சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்து எனக்கே கண் நிறைந்தது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் பிரிவில் ஒரு படம் வந்தது. கிளிப்பச்சை உடலும் அரக்கு முந்தியும் சேருகிற இடத்தைக் கிட்டத்தில் எடுத்த படம். அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு, கொஞ்சம் சுருக்கம் விழுந்து, கைக்குத் தட்டுப்படுகிற மாதிரி. “மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. பட்டு அசல்தான், சோதித்துவிட்டேன். ஆனால் முந்தி ஆரம்பிக்கும் இடத்தில் இப்படி ஒரு கோடு இருக்கிறது. இரண்டு துண்டை ஒட்டியிருக்கிறார்களா? வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிட்டு வேறு எடுப்பேன்” என்று கேட்டிருந்தார் பெண்ணின் அம்மா.

அந்தக் கோட்டுக்கு இங்கே பிட்னி என்று பெயர். உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம் என்றால் பாவையே மாற்ற வேண்டும். தறியில் இருக்கிற பச்சைப் பாவின் இழைகளோடு அரக்குப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகக் கையால் பிணைத்து, அதற்குப் பிறகு முந்தியை நெய்வார்கள். பிணைத்த இடத்தில் அந்தக் கோடு விழும். கைத்தறிக்கு அதுவே சாட்சி. ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் மன்றத்தில் இருப்பவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இல்லையே.

படம் வந்த ஐந்தாவது நிமிடம் முதல் பதில் விழுந்தது. எழுதியவருக்குக் கர்மா நாற்பதாயிரத்துக்கு மேல். அதில் முக்கால்வாசி கிரிக்கெட் பிரிவில் அடித்த ஜோக்குக்கு வந்தது, மிச்சம் பிரியாணிப் படத்துக்கு. புடவைப் பிரிவில் அவர் மொத்தம் எழுதியது ஏழெட்டுப் பதில் இருக்கலாம். “சந்தேகமே வேண்டாம், இரண்டு துண்டு. அசல் புடவையில் இந்தக் கோடு வரவே வராது. உங்களை ஏமாற்றிவிட்டார்கள். உடனே திருப்பி அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தார். நாற்பதாயிரம் கர்மா உள்ளவர், அதுவும் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். அம்புகள் விழ ஆரம்பித்தன. முதலில் ஏறியவர் மேலே இருக்கிறார், மேலே இருப்பதால் எல்லோர் கண்ணிலும் படுகிறார், கண்ணில் படுவதால் இன்னும் ஏறுகிறார். அவ்வளவுதான் சூட்சுமம். சந்தையில் கூட்டம் நிற்கிற கடையிலேயே போய்க் கூட்டம் நிற்குமே, அதே கதை.

நாத்தனார் படத்தைப் பார்த்தது எப்படி என்றால், அவளுக்கு அந்தப் பிரிவைப் பழக்கிவிட்டதே நான்தான். கணக்கு இல்லாமலே படித்துக்கொண்டிருப்பாள். தன் புடவையைப் பார்த்ததும் பதறிப்போய் முதலில் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். அந்தம்மா மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார். “உங்க பொருள நீங்க நல்லதுன்னுதானேம்மா சொல்லுவீங்க. வெளியாளு நாலு பேரு சொல்லட்டும்” என்று வைத்துவிட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால் நாத்தனார் புதிதாகக் கணக்குத் தொடங்கிப் பதிலை அங்கேயே எழுதினாள்.

எழுதிய பதில் வெளியே வரவில்லை. புதுக் கணக்காக இருந்து கர்மாவும் ஐம்பதுக்குக் கீழே இருந்தால், எழுதுவது நேராக மாடரேட்டரின் வரிசைக்குப் போகும், நாங்கள் பார்த்து விடுவித்தால்தான் பிரிவில் தெரியும். இந்த விதியைப் போட்டவள் சாட்சாத் நானேதான். போலிப் புடவை விற்கிற கும்பல் தினம் பத்துக் கணக்குத் தொடங்கி வந்து இம்சை கொடுத்ததால் போட்டேன். அன்றைக்குப் பள்ளியில் சேர்க்கை வேலை, போன் டிராயரில் கிடந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் வரிசையைப் பார்த்தேன். மற்ற இரண்டு மாடரேட்டர்களில் ஒரு பெண் சென்னையில் வேலையில் இருந்தார், இன்னொருவர் துபாயில். அவர்களும் பார்க்கவில்லை. மூன்றரை மணி நேரம் அவள் பதில் அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

நான் அதை விடுவித்தபோது அவர் பதில் அறுபத்தைந்தில் இருந்தது. அவள் பதில் ஒன்றில் ஆரம்பித்தது. அதுவும் எழுதுகிறவர்களுக்குத் தானாகக் கிடைக்கிற ஒன்று. படிக்க வேண்டியவர்கள் படித்துவிட்டுப் போயாயிற்று.

அப்போதும் தப்பித்திருக்கலாம். அவள் எழுதிய விதம்தான் கெடுத்தது. “உனக்குத் தறி இன்னா நிறம்னு தெரியுமா? இது ஒட்டு இல்ல, பிட்னி. பத்து விரல பத்து விரலோட கோத்த மாதிரி, ஒவ்வொரு இழயா கையில பிணைக்கிறது. ரெண்டு நாளு முதுவு ஒடஞ்சி பண்ணது. தெரியலன்னா வாய மூடிக்கினு இரு.” எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் மன்றத்துக்கு உண்மையை விட மரியாதை முக்கியம். விதிப்படி கீழ் அம்பு என்பது விஷயத்துக்கு உதவாத பதிலுக்குப் போடுவது. நடப்பில் அது பிடிக்காத பதிலுக்குப் போடுவது. நாற்பதாயிரத்துக்காரர் கீழே ஒரு வரி எழுதினார்: “கோபம் ஆதாரம் ஆகாதும்மா.” அதற்கு முப்பது மேல் அம்பு. அவள் பதில் சாயங்காலத்துக்குள் மைனஸ் ஏழுக்கு இறங்கி மடிந்துபோனது.

வேலை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தாள், கை ஓடவில்லை. போனைக் காட்டினாள்.

“அண்ணி, இந்த ஏழு பேருக்கு நான் இன்னா பண்ணேன்?”

“ஏழு பேருன்னு இல்லம்மா. மேல போட்டது போவ மிச்சம் ஏழு. கூடவும் இருக்கலாம்.”

“யாருன்னு பாத்துச் சொல்லேன். நீதானே அங்க பெரியவ.”

“யாரு போட்டாங்கன்னு எங்களுக்கும் தெரியாதும்மா.”

“அப்ப என்னுத மேல தூக்கிவிடு.”

அதுவும் முடியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாடரேட்டர் ஒரு பதிலை நீக்கலாம், பூட்டலாம். ஏற்ற முடியாது. வேண்டுமானால் நான் என் பெயரில் ஒரு பதில் எழுதி, எண் என்னவானாலும் உச்சியிலேயே நிற்கிற மாதிரி குத்தி வைக்கலாம். ஆனால் சொந்தக்காரர் சரக்கு பற்றிய பேச்சில் மாடரேட்டர் கை வைக்கக் கூடாது என்று பிரிவின் பக்கவாட்டு விதிப்பட்டியலில் ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடரேட்டர் தன் மச்சான் கடையைக் குத்திக் குத்தி வைத்து மாட்டிக்கொண்ட பிறகு வந்த விதி. அதையும் எழுதியது யார்? நான்தான். நேர்மையானவள் என்று பெயரெடுக்க எழுதிய ஒவ்வொன்றும் அன்றைக்கு என் கழுத்தையே சுற்றியது.

அன்று நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சென்னைப் பெண்ணுக்கு எழுதி, “இது என் நாத்தனார் நெய்தது, நான் ஒதுங்குகிறேன், நீங்கள் விசாரித்து முடிவு பண்ணுங்கள்” என்று விட்டிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. நான் செய்யவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மறுநாள் புதன்கிழமை காலையில் எங்கள் தெருவில் பாவு போட்டிருந்தார்கள். இங்கே யார் வீட்டுப் பாவு என்றாலும் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். அது கட்டியிருக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போகிற யாரும் சும்மா போக மாட்டார்கள். பால் வாங்கப் போகிறவர், சைக்கிளில் போகிறவர், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விடப் போகிறவர், எல்லோரும் நின்று ஒரு கை பிடித்து, அறுந்த இழையை முடிந்துவிட்டுத்தான் போவார்கள். கூப்பிட வேண்டியதில்லை. நன்றி சொன்னால்தான் கோபம் வரும். இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு.

நான் அங்கே போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். புலம்பலாகத்தான் ஆரம்பித்தேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பியது என் விரல்தான். மேல் அம்பு எது, கீழ் அம்பு எது என்று காட்டிக் கொடுத்ததும் நான்தான்.

“அவ்ளோதானாம்மா? இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருக்கற?” என்றார் பாவு போட்ட வீட்டுக்காரர். “குடு பாக்கலாம். ஏய், எல்லாரும் போன எடுங்கபா!”

பாவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு இருபது பேர் போனை எடுத்தார்கள். கணக்கு இல்லாதவர்கள் அங்கேயே தொடங்கினார்கள். முக்கு வீட்டில் ஒரு வைஃபை உண்டு, அதன் கடவுச்சொல் தெரு முழுக்கத் தெரியும், எல்லோரும் அதில்தான். நாத்தனார் பதிலுக்கு மேல் அம்பு, நாற்பதாயிரத்துக்காரருக்குக் கீழ் அம்பு. என் கணக்கிலிருந்து நானும் போட்டேன். முன்பே கணக்கு வைத்திருந்த நாலைந்து பேர் ஆர்வத்தில் பதில் வேறு எழுதினார்கள். “அக்கா சூப்பரா நெய்வாங்க.” “இவங்கள மாரி யாரும் இல்ல.” மைனஸ் ஏழு பிளஸ் பத்தாகி, பன்னிரண்டாகி, மேலே வந்தது. நாத்தனார் அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு நான் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து சந்தோஷமாகத்தான் வேலைக்குப் போனேன்.

பத்தரை மணிக்கு எல்லாம் போயிற்று.

இப்படிச் சேர்ந்து ஓட்டுப் போடுவதைப் பிடிக்கத் தளமே ஒரு காவல் வைத்திருக்கிறது. கால்மணி நேரத்துக்குள், ஒரே இணைப்பிலிருந்து, பிறந்து ஐந்து நிமிடமான கணக்குகள் கூட்டமாக வந்து, ஒரே பதிலுக்கு மேலும் ஒரே பதிலுக்குக் கீழும் போட்டால் அந்தக் காவலுக்கு என்ன தெரியும்? அவர்கள் பாவு பிடிக்க வந்த ஜனம் என்று தெரியுமா? போலிக் கும்பல் செய்வதும் அச்சு அசல் இதேதான். மூன்று வருடமாக அப்படிப்பட்ட கும்பலைக் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், கூடவே அவள் தலையிலும்.

ஓட்டுகள் செல்லாமல் ஆயின. கணக்குகள் முடக்கப்பட்டன. நாத்தனார் கணக்கு நிரந்தரமாக, அவள் எழுதியதும் அதோடு போனது. அந்த இடத்தில் “நீக்கப்பட்டது” என்று ஒரு வார்த்தை மட்டும் நின்றது. என் கணக்கு ஏழு நாளைக்கு முடங்கியது. நாற்பதாயிரத்துக்காரர் தன் பதிலின் கீழே ஒரு வரி சேர்த்தார்: “பார்த்தீர்களா, விற்றவரின் கும்பலே வந்து போனது. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?” அந்தப் பதில் இருநூறைத் தாண்டியது.

அதற்குப் பிறகுதான் சென்னைப் பெண்ணுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“நீங்களா?” என்றார். “மத்தவங்க பண்ணா நீங்கதானே முதல்ல கத்துவீங்க.”

“நான்தான்மா. தப்புதான். ஆனா அது பிட்னி, நெசமாவே பிட்னி. நீங்க எழுதிக் குத்தி வைங்க.”

“எனக்குத் தறி தெரியாதுங்க. எனக்குச் சொல்றது நீங்க. நீங்க அவங்க வீடு. இதை வச்சு நான் எப்படி எழுதறது? நேத்தே சொல்லியிருந்தா நாலு நெசவாளரக் கேட்டிருப்பேன்.”

அவர் சொன்னது நியாயம். தன்னால் முடிந்ததைச் செய்தார். அந்தப் பேச்சில் பதில்களின் எண்களை மறைத்து, வரிசையைக் கலைத்து, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேறு வேறு பதில் மேலே வருகிற மாதிரி மாற்றினார். “எந்தப் பதிலும் சரிபார்க்கப்படவில்லை” என்று ஒரு குறிப்பும் வைத்தார். ஆனால் கலைத்துப் போட அங்கே என்ன இருந்தது? சரியான பதில்தான் நீக்கப்பட்டதாயிற்றே. அதோடு, அவர் இதையெல்லாம் செய்து முடிக்க வியாழக்கிழமை சாயங்காலமாகிவிட்டது. மன்றத்தில் ஒரு போஸ்ட்டுக்கு முதல் பத்து ஓட்டில் இருக்கிற பலம் அடுத்த தொண்ணூறும் சேர்ந்தால்தான் வரும், அதற்குப் பிறகு நேரம் அதைக் கீழே தள்ளிக்கொண்டே போகும். செவ்வாய்க்கிழமை போஸ்ட் அதற்குள் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. புது ஆள் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டிய ஒரே ஆள் முடிவெடுத்துவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை கூரியர் வந்தது. புடவையைத் துளி மடிப்புக் கலையாமல் அனுப்பியிருந்தார் அந்தம்மா. உள்ளே ஒரு துண்டுக் காகிதம். “மன்னிச்சுக்கோம்மா. நல்ல காரியம், மனசு ஒப்பல.” நாத்தனார் காகிதத்தைப் படித்துவிட்டு முந்தியைப் பிரித்து அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். பிறகு மடித்துப் பீரோவில் வைத்தாள். திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“சாப்புட்டியா அண்ணி?” என்றாள்.

தறியில் ஏற்றியிருந்த பாவைக் கடைக்காரருக்கே விட்டுக் கொடுத்தாள். மறுபடியும் கடைப்படி ஏறினாள். தெருவில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பாவு போட்டிருந்த வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள் வழியில் நிறுத்தி, “கை குடுத்தா தப்பா போவுற எடமா இருக்குதேம்மா அது” என்றார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

மாடரேட்டர் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதினேன். ஆள் கிடைக்கும் வரை இருங்கள் என்றார்கள். இன்னும் கிடைக்கவில்லை. தினமும் குப்பை அள்ளிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரிவின் உச்சியில் ஒரு நீளமான போஸ்ட் கண்ணில் பட்டது. எழுதியவர் அந்த நாற்பதாயிரத்துக்காரர். இப்போது அவர் கர்மா ஐம்பதாயிரத்தைத் தொட்டிருந்தது. “பட்டுப்புடவை வாங்குவோர் அறிய வேண்டியது” என்று தலைப்பு. முந்தி சேருமிடத்தில் உள்ள கோட்டை ஒட்டுப் போட்டது என்று பலர் தவறாக நினைக்கிறார்களாம். அது பிட்னியாம். பத்து விரலைப் பத்து விரலோடு கோர்த்த மாதிரி ஒவ்வொரு இழையாகக் கையால் பிணைப்பதாம். கைத்தறிக்கு அதுவே சாட்சியாம். படம், விளக்கம் எல்லாம் சுத்தமாக இருந்தது. எண் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. கீழே எல்லோரும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அடப்பாவி! பலர் நினைக்கிறார்களாமே, பலர்! போனை அவளிடம் கொடுத்தேன். அவள் வரி வரியாக, உதடு அசையப் படித்தாள். விரல் கோர்த்த இடம் வந்ததும் நின்றாள்.

“இது நான் எழுதுனதுல்ல?”

“உன்னுதுதான். மைனஸ் ஏழுல கெடந்ததப் பிரிச்சிப் படிச்சிருக்கான். பதில்கூடப் போட்டானே. இரு, இவன நான் இன்னா பண்றேன் பாரு. போஸ்ட்டத் தூக்கிடறேன்.”

“தப்பா எழுதிருக்கானா?”

“இல்ல.”

“அப்ப எதுக்குத் தூக்கற? இதுவும் போச்சின்னா, அப்புறம் அங்க யாருதான் சொல்றது?”

அவள் என் போனிலேயே, என் கணக்கிலேயே, அந்தப் போஸ்ட்டின் மேல் அம்பைத் தொட்டாள். அம்பு நிறம் மாறியது. பக்கத்தைக் கீழே இழுத்துவிட்டாள், எண் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. தொள்ளாயிரத்துப் பத்து என்று காட்டியது.

“ஐயே, நான் போட்டா கொறையுது அண்ணி.”

“கொறையலம்மா. உன் ஓட்டு உள்ள போய்டுச்சி. சரியான எண்ண அவங்க காட்ட மாட்டாங்க. ரெண்டு கூட, ரெண்டு கொறச்சி மாத்தி மாத்திக் காட்டுவாங்க.”

“எதுக்கு?”

“கள்ள ஓட்டுப் போடறவங்க, நம்ம ஓட்டு ஏறிச்சா இல்லியான்னு கண்டுபுடிக்கக் கூடாதுன்னு.”

அவள் போனை என் கையில் வைத்தாள். எழுந்து போய்த் தறியில் உட்கார்ந்தாள்.

“எங்கள மாரி ஆளுங்களுக்காவா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னேன்.